பன்னிரண்டாம் கட்டை

ஓய்வுபெற்ற ஒரு பஸ் கொண்டக்டரிடம் போய் "உங்கட பழைய அனுபவங்களைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் மூன்று வசனத்துக்கு மேல் வராது. சம்பளம் குறைவு, சனம் நல்ல சனம், றோட்டு மோசம். அதே மனிதரிடம் "மாங்குளம் சந்தியில திரும்பினா முதல் ஆர் இறங்குவினம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் போதாது. கொண்டக்டரின் ஞாபகம் ஆண்டு வரிசையில் அடுக்கப்பட்டதல்ல, தரிப்பு வரிசையில் அடுக்கப்பட்டது. ஒவ்வொரு தரிப்பிலும் மணியடித்து, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, ரிக்கற் கிழித்து, அடுத்த தரிப்புக்கு முன்னர் மிச்சக் காசு கொடுத்து முடிக்க வேண்டும். அப்படி வருடக்கணக்காகச் செய்த வேலை தலைக்குள் றோட்டாகத்தான் கிடக்கும்.

முள்ளியவளையில் இருக்கும் அப்படியொரு கொண்டக்டரின் பேரனுக்கு இது தொடக்கத்தில் தெரியாது. உயர்தரப் பரீட்சை முடிந்து மறுமொழிக்காகக் காத்திருந்த காலம். அப்பப்பா எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கை போக்குவரத்துச் சபை பஸ்ஸில் முல்லைத்தீவு–வவுனியா றோட்டில் வேலை செய்தவர். அவர் சொல்வதை எழுதி, துண்டு துண்டாக இணையத்தில் போடுவோம் என்று வெளிக்கிட்டான். முதலாவதாக அவன் எழுத நினைத்தது முறிகண்டிப் பிள்ளையாரையும் கச்சானையும்.

"அது எங்கட றோட்டில்லையடா" என்றார் பெரியவர். "நாங்கள் மாங்குளத்தில வளையிறனாங்கள். முறிகண்டி அதுக்கு அங்கால. கிளிநொச்சிப் பஸ்காரனிட்டக் கேள்."

அது நல்லதற்குத்தான். முறிகண்டியில் கச்சான் வாங்கியதை எழுதாத ஆள் வடக்கில் இல்லை. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் றோட்டை எழுதியவர்கள் மிகக் குறைவு. இன்றைக்கு அதை ஏ34 என்கிறார்கள். மாங்குளம் சந்தியில் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று என்று போய்க் கடலில் முடிகிற றோட்டு. கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீற்றர், பெரும்பகுதி காடும் குளமும்.

அந்த வீட்டில் பழைய படம் ஒன்றுகூட இல்லை. வன்னியில் 2009 வரை இருந்த அநேகமான வீடுகளின் நிலைமை அதுதான். இடம்பெயர்ந்து, திரும்ப இடம்பெயர்ந்து, கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்த கடதாசிகள் மட்டும்: அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்கள், சேவைக் கடிதம் ஒன்று. ரிக்கற் கட்டும் இல்லை, காக்கிச் சட்டையும் இல்லை. ஆகவே பெரியவரின் வாயில் இருந்து வருவதுதான் முழு ஆவணமும். அதைச் சரிபார்க்க வேறு வழி தேட வேண்டும்.

பேரன் இரண்டாம் நாளே முறையை மாற்றிக்கொண்டான். ஒரு கொப்பியில் மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு வரை தரிப்புகளைக் கேட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். ஒரு நேரத்தில் ஒரு தரிப்பு மட்டும். தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அதை மேசையில் வைக்காமல் பெரியவரின் கதிரைக் கைப்பிடியில் மடித்த துவாய்க்கு மேல் வைத்தான். மேசையில் வைத்தால் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம் இடிபோலப் பதியும், மின்விசிறி ஓடினால் 'ச', 'ஸ' எல்லாம் காற்றோடு போய்விடும். பதிவு இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் பிறகு கண்டுகொண்டான். அதைத் தாண்டினால் பெரியவர் தரிப்பை விட்டு அரசியலுக்குப் போய்விடுவார்.

இந்தப் பட்டியலில்தான் 'பன்னிரண்டாம் கட்டை' வந்தது. அந்தப் பெயரில் இப்போது பஸ் தரிப்பு எதுவும் இல்லை. பெரியவரின் ஞாபகத்தில் அது ஒரு தரிப்பு மட்டுமல்ல, காலைப் பஸ்ஸில் ஆகக் கூடுதலான மூட்டை ஏறிய இடம்.

"மதகொண்டு, மதகுக்குக் கிட்ட மருதமரம். வாசல் பக்கம் ஒரு கட்டுக்கிணறு. உள்ளுக்க ஒரு பாதை போகும், அதில பதினைஞ்சு இருவது குடும்பம். மிளகாய் எல்லாம் அங்கயிருந்துதான் வரும்."

பேரன் தொலைபேசி வரைபடத்தைத் திறந்து மாங்குளம் சந்தியில் இருந்து 12 கிலோமீற்றரை அளந்தான். ஒலுமடுவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வெறும் காடு. மதகும் இல்லை, பாதையும் இல்லை. "அப்பப்பா, அங்க ஒண்டுமில்லை" என்று சொல்ல, கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கரிப்பட்டமுறிப்பு தாண்டினனியே?"

"இல்லை, அதுக்கு முன்னால."

"பிறகென்னண்டு பன்னிரண்டாம் கட்டை வரும்?"

கட்டை என்பது மைல் கல். கிலோமீற்றர்க் கல் நடப்பட்ட பிறகு பிறந்தவர்களுக்கு அந்த எண் எதை அளக்கிறது என்று யோசிக்கவே தோன்றாது. ஒரு மைல் 1.609 கிலோமீற்றர். பன்னிரண்டு மைல் என்றால் 19.3 கிலோமீற்றர். ஏழு கிலோமீற்றருக்கு மேல் பிசகு. அது கரிப்பட்டமுறிப்புக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் விழுந்தது. பெரியவர் சொன்ன வரிசையும் அதுதான்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கிளைவீதியில் கட்டையின் எண் சந்தியில் இருந்து தொடங்கும். ஆனால் அதே பஸ் கண்டி வீதியில் ஓடும்போது, அங்குள்ள கட்டை கண்டியில் இருந்து எண்ணப்பட்டது. பெரியவர் "பன்னிரண்டு" என்றால் மாங்குளத்தில் இருந்து. "நூற்றுச் சொச்சம்" என்று ஓர் எண் சொன்னால் அது ஓமந்தைப் பக்கத்துக் கதை. எண்ணை எழுதும்போதே எந்த றோட்டு என்றும் பக்கத்தில் எழுதாவிட்டால், ஒரு மாதம் கழித்து ஒலிப்பதிவைக் கேட்பவருக்குத் தலை சுற்றும்.

19.3 என்ற கணக்குக்கூட இடத்தைத் தராது, வட்டாரத்தை மட்டும் தரும். கட்டைக்குச் சரியாக நேரே பஸ் நிற்பதில்லை. கட்டைக்கு இந்தப் பக்கம் அரை மைல், அந்தப் பக்கம் அரை மைல் வரை அந்தக் கட்டையின் பெயர்தான். ஆகவே தேட வேண்டியது 18.5க்கும் 20.1க்கும் இடையில். அந்த ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் ஒரு மதகைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊரில் ஓர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியரிடம் நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத்தின் போட்டோ பிரதி இருந்தது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரைந்த அந்தக் காலத்து வரைபடம். கேட்க மிகச் சுலபமாக இருக்கிறது அல்லவா, றோட்டின் மேல் பன்னிரண்டு அங்குலம் அளந்தால் முடிந்தது. பேரனும் அப்படித்தான் தொடங்கினான். தையல் நூலை எடுத்து, சந்தியில் ஒரு குண்டூசி குத்தி, றோட்டின் வளைவுகளோடு நூலை ஒட்டிக்கொண்டு போனான். பன்னிரண்டு அங்குலத்தில் நூல் நின்ற இடம் ஒட்டுசுட்டானுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது.

ஆசிரியர் சிரித்துவிட்டு வரைபடத்தின் அடியில் உள்ள அளவுகோலைக் காட்டினார். போட்டோ பிரதி எடுக்கும்போது தாளுக்குள் அடக்குவதற்காகச் சுருக்கியிருக்கிறார்கள். அளவுகோலில் ஒரு மைலை அடிமட்டத்தால் அளந்தால் 2.54 சென்ரிமீற்றர் வர வேண்டும், வந்தது 2.4. அப்படியென்றால் பன்னிரண்டு மைல் 28.8 சென்ரிமீற்றர். நூலைப் புதிதாக அளந்து வைத்தபோது அதன் நுனிக்குக் கிட்ட ஒரு மெல்லிய நீலக் கோடு றோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஓர் ஓடை. அதற்கு வடக்கே சிறு குளம் ஒன்றின் அடையாளம். பழைய வரைபடப் பிரதியில் எதை அளப்பதற்கு முன்னரும் அதே தாளில் உள்ள அளவுகோலை அளந்து பார்ப்பது அரை நிமிட வேலை. அதைச் செய்யாதவர்கள் ஊர்களையே இடம் மாற்றிவிடுகிறார்கள்.

பெரியவர் நேரக் கணக்கில் தனியாகச் சரிபார்த்தார். முல்லைத்தீவில் இருந்து காலை 5 மணிக்கு வெளிக்கிட்டால் அந்த இடத்துக்கு ஆறேகால். ஏ34இன் முழு நீளம் சுமார் முப்பது மைல், அதில் பன்னிரண்டைக் கழித்தால் பதினெட்டு மைல். ஒன்றேகால் மணித்தியாலத்தில் பதினெட்டு மைல் என்றால் மணிக்கு 14 மைலுக்குச் சற்றுக் கூட. தண்ணீரூற்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் எல்லாம் நின்று நின்று வரும் பஸ்ஸுக்கு, அந்தக் காலத்துக் குண்டும் குழியுமான றோட்டில், அது நம்பக்கூடிய வேகம்.

பிறகு மோட்டார் சைக்கிளில் போனார்கள். மாங்குளம் சந்தியில் மீற்றர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, மீற்றரின் கடைசி இலக்கத்தைப் பார்த்தபடி ஓடினான் பேரன். பெரியவர் பின்னால் இருந்தார். 19ஐத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தான். கிழவரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மருதமரம் இல்லை. றோட்டு அகலமாக்கித் தார் போட்டுவிட்டார்கள். மதகு புதுக் கொங்கிறீற் மதகு.

மரம் வெட்டப்படும், கடை எரியும், கிணறு தூரும், மதகைக்கூட உடைத்துக் கட்டுவார்கள். ஆனால் மழைத்தண்ணீர் றோட்டைக் கடக்கும் இடம் அநேகமாக மாறுவதில்லை. அதனால் அடையாளம் தேடுபவர் மதகின் வயதைப் பார்க்கக் கூடாது, அதற்குக் கீழே ஓடை எந்தப் பக்கத்தில் இருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரியவர் இறங்கி மதகுக் கட்டில் கையை ஊன்றிக் கீழே குனிந்து பார்த்தார். மணல் மேல் காய்ந்த இலை. "இதுதான்" என்றார். "மாரியில இதுக்கு மேலால தண்ணி பாயும். ஒருக்கா ஒரு கோழிக்கூடையோட ஒரு அம்மாவைத் தூக்கித்தான் கடத்தினது."

கிணறு மட்டும் கிடைக்கவில்லை. வாசல் பக்கம் என்று சொல்லியிருந்தார். இலங்கையில் வாகனம் இடதுபக்கம் ஓடும், பஸ்ஸின் வாசலும் இடதுபக்கம். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குக் கிழக்கு நோக்கிப் போகும்போது இடதுபக்கம் வடக்கு. பேரன் வடக்குப் பக்கம் தேடினான். பற்றைக்குள் இறங்குவதற்கு முன்னர் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தான். வன்னியில் இதை அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சிவப்புப் பலகை இருந்தால் கிணறும் வேண்டாம், கதையும் வேண்டாம். பலகை இல்லை, மாடு மேய்ந்த தடம் இருந்தது. கிணறுதான் இல்லை.

"அப்பப்பா, மிளகாய் ஏத்தினது போகேக்கையோ வரேக்கையோ?"

"காலமை. வவுனியாவுக்குப் போகேக்க."

அங்கேதான் விசயம் இருந்தது. காலைப் பஸ் முல்லைத்தீவில் இருந்து மேற்கு நோக்கி வரும். அப்போது இடதுபக்கம் தெற்கு. பெரியவரின் 'வாசல் பக்கம்' தெற்குப் பக்கம். கொண்டக்டர் ஒருவர் பெரும்பாலும் வாசலில் நின்று அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார். மற்றப் பக்கத்தைச் சனத்தின் தலைகள் மறைத்துவிடும். அதனால் ஒரே றோட்டின் வடக்குப் பக்கம் அவருக்கு மாலை ஞாபகம், தெற்குப் பக்கம் காலை ஞாபகம். அவர் சொல்லும் ஒவ்வொரு இடத்துக்கும் 'போகேக்கையா, வரேக்கையா' என்று கேட்காமல் வலது இடது எழுதினால் பாதிப் பிழை வரும். தெற்குப் பக்கம் ஐம்பதடி போனதும் ஈச்சம் பற்றைக்குள் கட்டுக்கிணற்றின் வட்டம் தெரிந்தது. உள்ளே குப்பையும் தவளையும்.

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த தலையிடி காலம்.

பெரியவர் சொன்னதை அப்படியே எழுதிய முதல் வடிவத்தில் ஒரு வசனம் இப்படி இருந்தது: "மிளகாய் மூட்டை ஏற்றும் காலத்தில் தனியார் வானும் எங்களோடு போட்டிக்கு ஓடத் தொடங்கிவிட்டது." கேட்க இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே காலமல்ல. 1970இல் இருந்து 1977 வரையான அரசு வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில்தான் வன்னியில் செத்தல் மிளகாய் பொன்னாக விளைந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. தனியார் பஸ்ஸுக்கு வழி திறந்தது 1979இல். பெரியவர் பொய் சொல்லவில்லை, ஒரே தரிப்பில் நடந்த இரண்டு விடயத்தை மனம் ஒரே நாளாக ஒட்டிவிட்டது. தரிப்பு வரிசையில் ஞாபகம் வைத்திருப்பவருக்கு வரும் பிழை இதுதான்: இடம் பிசகாது, ஆண்டு பிசகும்.

"எந்த வருசம்?" என்று கேட்பதால் பயன் இல்லை. பேரன் கேள்வியை மாற்றினான். அந்தப் பஸ்ஸில் வேறு ஆர் ஏறினவை?

"கச்சேரிக்குப் போற சனம். பைலோட வருங்கள். முல்லைத்தீவுக்குத் தனிக் கச்சேரி வாறதுக்கு முந்தி எல்லாத்துக்கும் வவுனியாதானே."

அது எழுபதுகளின் கடைசிக்கு முன்னர். மிளகாயோடு பொருந்துகிறது. வான் போட்டி எப்போது என்று கேட்டபோது, தோட்டப்புறத்தில் இருந்து வந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு மாங்குளத்தில் ஏறியதைச் சொன்னார். 1977 ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தமிழர் பலர் வன்னிக்கு வந்து குடியேறினார்கள். ஆக அந்த ஒரு வசனம் இரண்டு பந்தியாகப் பிரிந்தது. இரண்டுக்கும் ஆண்டு போடவில்லை. '1977க்கு முன்', '1977க்குப் பின்' என்று மட்டும் எழுதினார்கள். தெரியாத இடத்தில் 1974 என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டால், அடுத்தவர் அதை எடுத்து எழுதுவார், பிறகு அதுவே வரலாறாகிவிடும்.

மூட்டையைப் பற்றிப் பெரியவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது தும்மல். செத்தல் மிளகாய் மூட்டை பாரமில்லை, ஆனால் இடம் பிடிக்கும். கூரையில் இடம் முடிந்துவிட்டால் பின்சீற்றுக்கு அடியில் திணிப்பார்கள். பள்ளத்தில் பஸ் விழுந்து மூட்டை நசுங்கும்போது தூள் கிளம்பும், பின்னால் இருந்து முன்னால் ஒரு வரிசையாகத் தும்மல் போகும். றைவர் தும்மினால் பஸ்ஸை நிற்பாட்ட வேண்டும் என்பதால், மூட்டையை வாசலுக்குக் கிட்ட வைத்துக் காற்று வெளியே இழுக்க விடுவது கொண்டக்டரின் பொறுப்பு. சாமான் ரிக்கற் மூட்டைக்கு ஒன்று. பெரிய சாக்குக்குள் சின்னச் சாக்கை ஒளித்துக்கொண்டு வருபவர்களை மூட்டையின் கழுத்தைப் பார்த்தே பிடிக்கலாமாம்; இரண்டு சாக்கு இருந்தால் கட்டு தடித்திருக்கும்.

ஒரு சம்பவம் மட்டும் எழுதப்படவில்லை. பன்னிரண்டாம் கட்டையில் எண்பதுகளில் ஒருநாள் விடிய ஒரு பொடியன் ஏறினான். கையில் ஒரு சாரம் சுற்றிய பொட்டலம். எங்கே என்று கேட்க ஓர் இடத்தின் பெயரைச் சொன்னான், காசைக் கொடுத்தான். அந்தக் காலத்தில் விடியப்புறம் அப்படி ஏறும் பொடியள் எங்கே போகிறார்கள் என்று கொண்டக்டர்மாருக்குத் தெரியும். பின்னேரம் திரும்பி வரும்போது அதே தரிப்பில் தாய் நின்று, பஸ்ஸை மறித்து, பிள்ளை எங்கே இறங்கினான் என்று கேட்டார். பெரியவர் சொன்னாரா இல்லையா என்பதை ஒலிப்பதிவை நிற்பாட்டச் சொல்லிவிட்டுத்தான் பேரனிடம் சொன்னார்.

பெயரை மாற்றிப் போடலாம் என்று பேரன் யோசித்தான். அது சரிவராது. தரிப்பின் பெயர், கிணறு, மதகு எல்லாம் இருக்கும்போது பதினைந்து இருபது குடும்பத்தில் அந்தப் பொடியன் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்தில் யாரும் எங்காவது இருக்கக்கூடும். ஓர் இடத்தை இவ்வளவு துல்லியமாக எழுதினால் மனிதரை மறைக்க முடியாது. இரண்டில் ஒன்றை விட வேண்டும். அவர்கள் அந்தச் சம்பவத்தை விட்டார்கள். என் பார்வையில் அது சரியான முடிவு. ஒலிப்பதிவைத் தனிக் கோப்பாக, வேறு பெயரில் வைத்திருக்கிறான்.

மொழி விசயத்தில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. பேரன் பெரியவரின் பேச்சைப் பரீட்சைக் கட்டுரை போல மாற்றி எழுதியிருந்தான்: 'பயணிகள் பேருந்தில் ஏறினர்.' பெரியவர் வாசிக்கக் கேட்டுவிட்டு, "இது ஆர் சொன்னது?" என்றார். பிறகு ஒரு வழி கண்டார்கள். இடம், தூரம், காலம் எல்லாம் பேரனின் எழுத்தில். பஸ்ஸுக்குள் நடந்தவை பெரியவரின் வாயில் வந்தபடி. கடைசியில் போன பதிவின் நடுப்பகுதி இது:

"பன்னிரண்டாம் கட்டையில நான் மணி அடிக்கத் தேவையில்லை. றைவருக்குத் தெரியும். மதகில சனம் குந்தியிருக்கும், சாக்கெல்லாம் றோட்டோரம் நிமித்தி வைச்சிருக்கும். ஏத்தி முடிய ஏழெட்டு நிமிசம் போகும். அதுக்குள்ள றைவர் கிணத்தில முகம் கழுவிப்போட்டு வருவார். அந்தத் தண்ணி உப்பில்லை. ஒட்டுசுட்டானுக்கு இங்கால அப்பிடித் தண்ணி நான் குடிக்கேல்லை."

இதற்கு மேல் இடத்தின் விபரம்: மாங்குளம் சந்தியில் இருந்து சுமார் 19.3 கிலோமீற்றர், புதிய மதகு, தெற்குப் பக்கம் ஐம்பதடியில் தூர்ந்த கிணறு. இதற்குக் கீழே மிளகாய், அதற்குக் கீழே வான் போட்டி. ஒரு படம் மட்டும்: கிணற்று வட்டத்துக்குப் பக்கத்தில் பெரியவரின் குடை கிடக்கிறது, அளவு தெரிவதற்காக.

கொப்பியில் அடுத்த பெயர் ஒட்டுசுட்டான். பேரன் அதையும் ஒரு பதிவில் முடித்துவிடலாம் என்று நினைத்தான்.

"ஒண்டில முடியாது" என்றார் பெரியவர். "தான்தோன்றீஸ்வரர் திருவிழாக் காலம் வேற. ஓட்டுத் தொழிற்சாலைச் சனம் வேற. நெடுங்கேணியால வந்து ஏறுற ஆக்கள் வேற. அவை ஏறினாப் பிறகுதான் எனக்கு மிச்சக் காசே கிடைக்கும். மூண்டாப் போடு. முதல் நெடுங்கேணியைக் கேள், அதுக்கு நாலு தரிப்பு இருக்கு."